வெளியே சுற்றுவதா, உள்ளே வைப்பதா? ஒரே அச்சில் இரண்டு கம்பிச்சுருள்கள்

ஒரு நீண்ட வரிச்சுருளை எடுத்துக்கொள்வோம். நீளம் 50 செ.மீ., ஆரம் 2 செ.மீ., மொத்தம் 1000 சுற்றுகள். நடுவில் இரும்பு எதுவும் இல்லை, காற்றுதான். இதன் அச்சிலேயே 100 சுற்றுகள் கொண்ட இன்னொரு குட்டையான சுருளைப் பொருத்த வேண்டும். அதை வரிச்சுருளின் நடுப்பகுதிக்கு மேல், வெளியே சுற்றலாம். இல்லையென்றால் சிறிய சுருளாகச் செய்து உள்ளே நுழைக்கலாம். எதில் பரிமாற்று மின்தூண்டல் எண் (M) அதிகம், எதை நம்பிக் கணக்குப் போடலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் வெளியே. இரண்டாவது சுருளின் ஆரம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வரிச்சுருளில் I மின்னோட்டம் ஓடினால் உள்ளே காந்தப்புலம் B = μ₀nI. இங்கே n என்பது ஒரு மீட்டருக்கான சுற்றுகள், அதாவது 2000. இந்தப் புலம் வரிச்சுருளுக்குள்தான் இருக்கிறது, வெளியே ஏறக்குறைய சுழி. ஆகவே வெளிச்சுருளின் ஒவ்வொரு சுற்றின் வழியாகவும் போகும் காந்தப்பாயத்தைக் காண, வரிச்சுருளின் பரப்பால் பெருக்க வேண்டும், வெளிச்சுருளின் பரப்பால் அல்ல.

M = μ₀ n N₂ πa²

a = 2 செ.மீ., N₂ = 100 என்று போட்டால் M சுமார் 0.316 மில்லி ஹென்றி. தேர்வுத்தாள்களில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். 3 செ.மீ. ஆரத்தைப் போட்டவர்களுக்கு 0.71 மில்லி ஹென்றி என்று, இரண்டே கால் மடங்கு கூடுதலாக விடை வரும்.

உள்ளே வைத்தால் நிலைமை மாறுகிறது. 1 செ.மீ. ஆரமுள்ள சுருள் முழுக்கச் சீரான புலத்துக்குள் இருக்கிறது. அதன் சொந்தப் பரப்புதான் இப்போது கணக்கில் வரும். ஆரம் பாதி என்பதால் பரப்பு கால் பங்கு, M-உம் கால் பங்காகி 0.079 மில்லி ஹென்றிதான் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே விதிதான்: இரண்டு சுருள்களில் எது சிறியதோ அதன் பரப்பைப் போட வேண்டும்.

சரி, வெளிச்சுருள் எவ்வளவு பெரிதானாலும் M மாறவே மாறாதா? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்தக் கேள்விக்கான விடை. M இரு திசையிலும் ஒன்றே. முதல் சுருளில் மின்னோட்டத்தை விட்டு இரண்டாவதில் பாயத்தைக் கணக்கிட்டாலும், இரண்டாவதில் விட்டு முதலாவதில் கணக்கிட்டாலும் ஒரே எண்தான் வரும். ஆகவே மின்னோட்டத்தை b ஆரமுள்ள வெளிச்சுருளில் விடுவோம். அதன் அச்சில் புலம் நடுவில் வலுவாகவும் இரு பக்கமும் போகப்போகக் குறைந்தும் இருக்கும். வரிச்சுருளின் 1000 சுற்றுகளிலும் பாயம் வேறு வேறு. அவற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொகையிட்டால், முன்பு கண்ட M-ஐ L/√(L² + 4b²) என்ற காரணியால் பெருக்க வேண்டும் என்று வருகிறது. L வரிச்சுருளின் நீளம். (அச்சில் உள்ள புலமே சுற்றின் பரப்பு முழுக்க இருப்பதாக எடுத்துக்கொண்ட கணக்கு இது. a சிறியதாக இருக்கும்வரை போதுமானது.)

பெரிய சுருள் நடுவில் தரும் புலம் பலவீனம்தான், ஆனால் அந்தப் புலம் அச்சில் அதிக தூரம் பரவியிருக்கிறது. வரிச்சுருள் மிக நீளமாக இருந்தால் இந்த இரண்டும் சரியாக ஈடாகிவிடும். அதனால்தான் b சூத்திரத்தில் இருந்து மறைகிறது. நீளம் போதாதபோது b திரும்பத் தலைகாட்டும். நம் வரிச்சுருளில் b = 3 செ.மீ. என்றால் குறைவு 1 சதவீதத்துக்கும் கீழே. 5 செ.மீ. என்றால் 2 சதவீதம். 20 செ.மீ. வளையமாகச் சுற்றினால் 22 சதவீதம் குறைந்துவிடும். வரிச்சுருளுக்கு வெளியே திரும்பி வரும் புலக்கோடுகள் எதிர்த்திசையில் வளையத்துக்குள் புகுந்து பாயத்தைக் கழிப்பதுதான் காரணம்.

மூன்றாவதாக ஒரு போட்டியாளரும் உண்டு: வரிச்சுருளே வேண்டாம், இரண்டு தட்டைச் சுருள்களை ஒரே அச்சில் எதிரெதிரே வைப்பது. 10 செ.மீ. ஆரமும் 100 சுற்றும் கொண்ட ஒன்று, 1 செ.மீ. ஆரமும் 100 சுற்றும் கொண்ட இன்னொன்று. மையங்கள் ஒன்றாக இருந்தால் M சுமார் 20 மைக்ரோ ஹென்றி. சிறியதை அச்சிலேயே 10 செ.மீ. நகர்த்தினால் 7 ஆகிவிடும், 20 செ.மீ. தள்ளினால் 2-க்கும் கீழே. அளவிடும் கருவியாக இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், தூரத்தில் ஏற்படும் சிறு பிழைகூட விடையைக் கெடுக்கும். M தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டுமானால் இதைவிட நல்ல அமைப்பு இல்லை.

இப்போது மின்னியக்கு விசை. ε = −M dI/dt. எதிர்க்குறி சொல்வது திசையை: மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாக இது தூண்டப்படும். அளவைத் தீர்மானிப்பது மின்னோட்டம் எவ்வளவு என்பதல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. வரிச்சுருளில் 2 ஆம்பியர் நிலையாக ஓடும்போது இரண்டாவது சுருளில் ஒன்றும் இருக்காது. அதே 2 ஆம்பியர் 10 மில்லி வினாடியில் சீராகச் சுழிக்கு இறங்கினால் வினாடிக்கு 200 ஆம்பியர் மாற்றம். வெளிச்சுருளில் 63 மில்லி வோல்ட், உட்சுருளில் 16 மில்லி வோல்ட்.

சோதித்துப் பார்க்கச் சுவிட்சைத் தட்டி அணைப்பது நல்ல வழியல்ல. சுவிட்ச் திறக்கும்போது பொறி பறந்து மின்னோட்டம் மைக்ரோ வினாடிகளில் விழலாம், ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில். உச்ச மின்னழுத்தம் தடவைக்குத் தடவை மாறும். ஆனால் அந்தத் துடிப்பின் வரைகோட்டுக்குக் கீழான பரப்பு மாறாது. அது எப்போதும் M × ΔI, அதாவது வெளிச்சுருளுக்கு 0.63 மில்லி வோல்ட் வினாடி. பழைய ஆய்வகங்களில் உந்துவகை கால்வனோமீட்டர் வைத்திருந்ததன் பயன் இதுதான். அதன் விலகல் பாய்ந்த மொத்த மின்னூட்டத்தைக் காட்டும், அணைத்த வேகத்தைப் பற்றி அது கவலைப்படாது.

ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவான வழி முக்கோண அலை. மின்னோட்டம் −1 முதல் +1 ஆம்பியர் வரை 10 மில்லி வினாடியில் ஏறி, அதே நேரத்தில் இறங்கட்டும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஏறும்போதும் இறங்கும்போதும் சரிவு அதே 200, ஆகவே வெளிச்சுருளில் ±63 மில்லி வோல்ட் சதுர அலை தெரிய வேண்டும். சதுரத்தின் மேல்பக்கம் சாய்ந்தோ வளைந்தோ இருந்தால், வரிச்சுருளின் மின்னோட்டம் உண்மையில் முக்கோணமாக இல்லை என்று அர்த்தம். கருவி தருவது முக்கோண மின்னழுத்தம். வரிச்சுருளின் தன் மின்தூண்டல் சுமார் 3.2 மில்லி ஹென்றி, 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 ஓம். அதைவிடப் பல மடங்கு பெரிய மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தால், மின்னோட்டமும் ஏறக்குறைய முக்கோணமாகிவிடும். அந்த மின்தடையின் குறுக்கே வரும் மின்னழுத்தத்தை இரண்டாவது சேனலில் பார்த்தால் dI/dt-ஐ அங்கேயே படித்துக்கொள்ளலாம். அப்புறம் M-ஐக் காண ஒரு வகுத்தல் போதும்.

அளவிடத்தான் என்றால் நான் வெளியே சுற்றுவேன். கையால் சுற்றும்போது ஆரம் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய ஆனாலும் M அசையாது. உட்சுருளிலோ 1 செ.மீ. ஆரத்தில் அரை மில்லிமீட்டர் பிழை என்றால் M 10 சதவீதம் தவறும். வரிச்சுருளுக்குள் ஓர் இடத்தில் புலம் எவ்வளவு என்று தேட வேண்டுமானால் மட்டும் உட்சுருளை எடுப்பேன். அதை அச்சில் மெல்ல நகர்த்தி முனைக்குக் கொண்டுவந்தால் சமிக்ஞை நடுவில் இருந்ததில் பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். வெளிச்சுருளால் அந்த இடத்துப் புலத்தைத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது.