வாடகைக் கூடாரம் எடுக்கும் முன் அதன் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்

திருகோணமலையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு மூன்று நாள் நடைப்பயணம் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். முகாம் பொருட்களை வாடகைக்கு விடும் நம் நகரத்துக் கடை ஒன்று எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது.

"ஒரு பை ஒன்பது கிலோவைத் தாண்டாது தம்பி, நான் பொறுப்பு" என்று கடைக்காரர் தன் பட்டியலை நீட்டினார். தரையில் விரிக்கும் ஃபோம் பாயும் மழை அங்கியும் கம்பளிச் சட்டையும் அதில் இல்லை. மூன்றும் சேர்ந்தாலும் இரண்டு கிலோவுக்குள்தான் வரும். ஆனால் ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் இருந்தது. அதாவது ஐந்து கிலோ! ஓடைகள் குறுக்கிடும் பாதையில் இரண்டு லீற்றரும் குளோரின் மாத்திரைகளும் போதும். மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுத்தால் குடிக்கலாம். எடையைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான்.

ஃபோம் பாயைக் கேட்டபோது, உறங்குபையே போதும் என்றார் கடைக்காரர். போதாது. நாம் படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். உடம்புச் சூட்டை ஈரத்தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறங்குபை தாங்கும் குளிர் என்று அவர் சொன்ன வெப்பநிலையும் பொய்க்கணக்கு. உறங்குபையின் சீட்டில் வசதியாகத் தூங்கும் அளவு ஒன்று, உயிர் தப்பும் கடைசி எல்லை ஒன்று என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். அவர் காட்டியது அந்தக் கடைசி எல்லையை.

கூடாரம்தான் மோசத்திலும் மோசம். முதல் இரவு மழை பிடித்ததும் மேல்விரிப்பின் தையல்கள் வழியே தண்ணீர் சொட்டியது. டோர்ச் அடித்துப் பார்த்தால், உட்பூச்சு செதில் செதிலாக உரிந்து எங்கள் தலைமயிரில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பூச்சு பாலியூரித்தேன். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் நனைந்தபடியே மடித்து வைத்தால் அது சிதைந்து பிசுபிசுக்கும், வாந்தி போன்ற புளித்த வாடை அடிக்கும். விரல் ஒட்டினாலோ வாடை வந்தாலோ தையல்மேல் ஒட்டிய நாடா தூக்கிக்கொண்டு நின்றாலோ அந்தக் கூடாரம் வேண்டாம். சந்தேகமிருந்தால் கடையிலேயே விரிப்பை இருவர் பிடித்து, நடுவில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் வையுங்கள். அடியில் ஈரம் கசிந்தால் மலையிலும் கசியும்.

எங்களில் ஒருவருக்கு விடியற்காலையில் நடுக்கம் எடுத்துப் பேச்சுக் குழறியது. அது உடற்சூடு ஆபத்தாக இறங்குவதன் அடையாளம். நனைந்த பருத்திச் சட்டையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, சூடான இனிப்புத் தேநீர் கொடுத்து, தெளிந்த பிறகு மீதிப் பயணத்தைக் கைவிட்டு இறங்கினோம்.

திரும்பி வந்தால், பூச்சு உரிந்தது நாங்கள் செய்த சேதமாம். முற்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். எடுக்கும்போதே விரிப்பின் உட்புறத்தைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டில் அதன் நிலையை எழுதி வாங்குங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். அந்தக் கூடாரம் இன்னும் அங்கே வாடகைக்கு இருக்கிறது.