1678 ஜிபி போச்சு: லெகஸியில் விண்டோஸ் போட விடாதீர்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். கணினி சரிசெய்யும் கடை ஒன்றில் புதிய 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 போடச் சொன்னேன். கணினி எழும் முறை இரண்டு உண்டு, புதியது யூஇஎஃப்ஐ, பழையது லெகஸி. அதனால் "யூஇஎஃப்ஐயா, லெகஸியா?" என்றும் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், லெகஸின்னா தொல்லையே இல்லை" என்றார் கடைக்காரர். அத்தனை உறுதியாகச் சொன்னதால் நம்பிவிட்டேன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் வந்தது. ஒன்றின் முன்னால் `UEFI:` என்று இருந்தது, மற்றது வெறும் பெயர். அவர் வெறும் பெயரைத் தட்டினார். அந்த ஒரு தட்டில் எல்லாம் முடிவாகிவிட்டது. பென்டிரைவ் எந்த முறையில் எழுகிறதோ, விண்டோஸும் அதே முறையில்தான் உட்காரும். லெகஸி என்றால், டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்க எம்பிஆர் என்ற பழைய அட்டவணைதான். அதற்கு 2048 ஜிபிக்கு மேல் எண்ணவே தெரியாது.

வீட்டுக்கு வந்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், 1678 ஜிபி `Unallocated` என்று கிடக்கிறது. அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் `New Simple Volume` மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

போன் போட்டேன். "கம்பெனிக்காரன் 1000-ல கணக்கு போடுவான் சார், எப்பவும் குறைச்சலாத்தான் காட்டும்." அந்தக் கணக்கால் 4 டிபி 3726 ஜிபி ஆகும், 2048 ஆகாது! மறுபடி கேட்டால், "ரெக்கவரிக்கு ஒதுக்கியிருக்கும்." 1678 ஜிபியிலா ரெக்கவரி? கடைசியில், "கொண்டு வாங்க, ஃபார்மேட் பண்ணலாம், சார்ஜ் தனி."

அதோடு முடியவில்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால் `This PC must support Secure Boot` என்கிறது. போர்டில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் லெகஸியில் அது வேலை செய்யாது. பயாஸில் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸே எழவில்லை. அப்புறம் பழையபடி வைத்தேன்.

டிஸ்க்கில் உள்ளதை அழிக்காமல், எம்பிஆரை யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி அட்டவணையாக மாற்ற வழி உண்டு. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் சோதனை:

```
mbr2gpt /validate /allowFullOS
```

எனக்கு அதுவும் தோற்றது. பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் இந்தக் கருவி ஒத்துக்கொள்ளாது. கடைக்காரர் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி, ஈ என்று நான்கு போட்டுவைத்திருக்கிறார். ஈயைக் காலி செய்து நீக்கினால்தான் வழி.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பூட் மெனுவில் `UEFI:` உள்ள வரியைத்தான் தட்டச் சொல்லுங்கள். கடையைவிட்டுக் கிளம்பும் முன் `msinfo32` திறந்து `BIOS Mode` எதிரே என்ன இருக்கிறதென்று பாருங்கள். `Legacy` என்றால் காசை நீட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பேக்கப் எடுத்த பிறகு அதே கட்டளையில் `/validate` இருக்கும் இடத்தில் `/convert` கொடுங்கள், அது முடிந்த பிறகே பயாஸில் கை வையுங்கள்.

ஈயில் உள்ளதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 6 மணி நேரம் என்று காட்டுகிறது. அதுவரை அந்த 1678 ஜிபி அப்படியே சும்மா கிடக்கும்.