கனமூலமும் ஒரு மில்லிமீட்டரும்: நேரியல் தோராயத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள்

கனசதுரக் கொள்கலன்களை வடிவமைப்பது என் வேலை. கொள்ளளவு தெரிந்தால் பக்கம் எவ்வளவு, பக்கத்தில் சிறு பிழை வந்தால் கொள்ளளவு எவ்வளவு மாறும் என்ற இரண்டு கேள்விகளும் நாள்தோறும் வரும். கணிப்பான் கையில் இருந்தாலும் பன்னிரண்டு ஆண்டுகளாக முதலில் மனக்கணக்காகத்தான் போட்டுப் பார்க்கிறேன். அதற்கு நான் நம்பியிருப்பது நேரியல் தோராயத்தை.

130 லிட்டர் கொள்கலனை எடுத்துக்கொள்வோம். லிட்டர் என்பது கன டெசிமீட்டர் என்பதால், பக்கம் ∛130 டெசிமீட்டர். அருகில் இருக்கும் முழுக் கனம் 125; அதன் மூலம் 5. அந்தப் புள்ளியில் கனமூல வளைவரைக்குத் தொடுகோடு வரைந்து, வளைவரையை விட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தால் கிடைப்பது:

∛(a³ + d) ≈ a + d/(3a²)

இங்கே d = 5, 3a² = 75. ஆக 5 + 0.0667 = 5.0667. உண்மையான மதிப்பு 5.0658. கொள்கலனின் பக்கத்தில் இது பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். தகடு வெட்டும் துல்லியமே அவ்வளவு இருக்காது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, தவறு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை அதுவே காட்டிவிடுவது. நேர் எண்களில் கனமூல வளைவரை கீழ்நோக்கி வளைவதால் தொடுகோடு எப்போதும் அதற்கு மேலேதான் இருக்கும். எனவே d கூட்டலாக இருந்தாலும் கழித்தலாக இருந்தாலும் விடை சற்றே மிகையாகத்தான் வரும். எவ்வளவு மிகை? d/(3a²) என்ற திருத்தத்தை h என்று வைத்தால் ஏறக்குறைய h²/a. மேலே உள்ள கணக்கில் 0.0667-ஐ வர்க்கமாக்கி 5-ஆல் வகுத்தால் 0.0009, உண்மையான வித்தியாசமும் அதுவே.

இதே h²/a எச்சரிக்கை மணியாகவும் பயன்படுகிறது. ∛3 வேண்டுமென்று 1-இலிருந்து கிளம்பினால் 1.667 வரும், உண்மை 1.442. h²/a இங்கே 0.44. திருத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இது பெரிதாக இருந்தால், கிளம்பிய இடம் சரியில்லை என்று பொருள். அப்போது அருகில் வேறு புள்ளி தேட வேண்டும். 1.44-இன் கனம் 2.985984, அங்கிருந்து போனால் 1.44225 கிடைக்கிறது, ஐந்து தசம இடங்கள் வரை சரி. பூஜ்ஜியத்திலிருந்து மட்டும் கிளம்பவே முடியாது. அங்கே தொடுகோடு செங்குத்தாக நிற்கிறது.

பிழைக் கணக்கில்தான் எனக்கு அடி விழுந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரு கொள்கலனின் பக்கத்தை 50 சென்டிமீட்டர் என்று அளந்தேன். பிழை 1 மில்லிமீட்டர், அதாவது 0.2 சதவீதம். அதே 0.2 சதவீதத்தைக் கொள்ளளவுக்கும் எழுதி, 125 லிட்டர், கூடக் குறைய 0.25 லிட்டர் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றி அளந்தபோது 124.4 லிட்டர்தான் பிடித்தது. வகையீட்டை எழுதியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்:

dV = 3a² da = 3 × 2500 × 0.1 = 750 கன செ.மீ.

முக்கால் லிட்டர். சார்பிழை மூன்று மடங்காகிறது: 0.2 சதவீதம் 0.6 ஆகிவிடுகிறது. குறைந்த 0.6 லிட்டருக்குக் காரணம் பக்கத்தில் வெறும் 0.8 மில்லிமீட்டர் குறைவு. அன்றிலிருந்து அளவுத்தாளில் பக்கத்தின் பிழையை எழுதினால், அதன் அருகிலேயே கொள்ளளவுக்கு மும்மடங்கையும் எழுதிவிடுகிறேன். கனமூலம் எடுக்கும்போது இதே விதி நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. கொள்ளளவில் 1.2 சதவீதப் பிழை இருந்தால் பக்கத்தில் 0.4 சதவீதம்தான்.

இந்த மும்மடங்கில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்து அதையே மூன்று முறை பெருக்கினால்தான் அது முழுமையாகப் பொருந்தும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் 250 கன சென்டிமீட்டர் பிழையைத் தரும். ஒன்று கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் அமைந்து ஓரளவு ஈடாகிவிடலாம். மூன்றும் ஒன்றையொன்று சாராத தற்செயல் பிழைகள் என்றால் மொத்தம் 250√3, ஏறக்குறைய 433 கன சென்டிமீட்டர். ஆனால் அளவுநாடாவின் முனைக்கொக்கி தேய்ந்து 1 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தால் மூன்று அளவுகளும் ஒரே பக்கம்தான் சாயும், 750-உம் முழுதாக வந்து நிற்கும். அதனால் 433 என்று எழுதுவதற்கு முன், நாடாவை ஓர் உருக்கு அளவுகோலோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிடுகிறேன்.