ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு ரயில்: கட்டம் எண்ணலாமா, சரிவகமாக வெட்டலாமா, பிக்சல் எண்ணலாமா?

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "மாமா, இதுல ரயில் எவ்வளவு தூரம் போச்சு?" கீழே காலம், 0 முதல் 80 வினாடி. பக்கத்தில் திசைவேகம், 0 முதல் 20 மீ/வி. முதல் 20 வினாடியில் கோடு நேராக 20 மீ/வி வரை ஏறுகிறது. 60-வது வினாடி வரை சமமாக ஓடுகிறது. பிறகு பிரேக். அங்கே கோடு நேராக இறங்காமல், முதலில் மெதுவாகவும் கடைசியில் செங்குத்தாகவும் வளைந்து 80-ல் பூஜ்யத்தைத் தொடுகிறது.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம். முதல் முக்கோணம் 200 மீட்டர், நடுச் செவ்வகம் 800 மீட்டர். இதில் யாரும் தவற மாட்டார்கள். தகராறு அந்த வளைவில்தான். அதற்குத்தான் மூன்று வழிகளையும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கட்டம் எண்ணுவது. ஒரு கட்டம் 10 வினாடி அகலம், 5 மீ/வி உயரம். ஆக ஒரு கட்டத்துக்கு 50 மீட்டர். பாதிக்கு மேல் மூடியிருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு என்பது பள்ளியில் சொல்லித் தந்த விதி. அப்படி எண்ணினால் வளைவுக்குக் கீழே 6 கட்டம், 300 மீட்டர், மொத்தம் 1300. வேடிக்கை என்னவென்றால், அதே விதி ஏறும் முக்கோணத்துக்கு மிகச் சரியாக 4 கட்டம் தருகிறது. நேர்கோட்டில் விட்டதும் சேர்த்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இந்த வளைவிலோ மூன்று கட்டங்கள் பாதிக்குச் சற்று மேலாகவோ முக்காலுக்கு மேலாகவோ நின்று முழுதாக ஏறிக்கொண்டன. கால் கட்டம் அளவுக்கு விடுபட்டது ஒன்றே ஒன்று. கட்டம் பெரிதாக இருந்தால் இந்த விதி அதிர்ஷ்டத்தை நம்பித்தான் ஓடும்.

அடுத்தது துண்டு போடுவது. வளைவை 60-லிருந்து 80-க்கு ஒரே நேர்கோடாக நினைத்து முக்கோணம் போட்டால் 200 மீட்டர்தான் வரும். அவசரக்காரர்கள் செய்வது இதைத்தான். அதற்குப் பதிலாக 5 வினாடிக்கு ஒரு முறை உயரத்தைப் படித்தேன்: 20, 19, 15, 9, 0. நான்கு துண்டு, கடைசியில் கூர்ந்து முக்கோணமாகும் துண்டையும் சரிவகம் என்றே வைத்துக்கொள்ளலாம். முதலுக்கும் கடைசிக்கும் பாதி, நடுவில் உள்ளவற்றுக்கு முழுசு: 10 + 19 + 15 + 9 + 0 = 53. அதை 5-ஆல் பெருக்கினால் 265. மொத்தம் 1265 மீட்டர். பேனாவும் இரண்டு நிமிடமும் போதும்.

இதில் ஒரு சின்னக் கழிவு உண்டு. வளைவு மேல்நோக்கிப் புடைத்திருந்தால் சரிவகத்தின் சாய்வு விளிம்பு வளைவுக்கு உள்ளேயே நிற்கும், எனவே விடை கொஞ்சம் குறையும். குழிந்திருந்தால் கூடும். எந்தப் பக்கம் பிசகும் என்று கணக்குப் போடும் முன்பே தெரிவதால்தான் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

மூன்றாவது பிக்சல். படத்தில் 80 வினாடி 640 பிக்சல், 20 மீ/வி 240 பிக்சல். அதாவது வினாடிக்கு 8, ஒரு மீ/வி-க்கு 12; ஒரு மீட்டர் தூரம் 96 பிக்சல் பரப்பு. GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் கோட்டுக்குக் கீழே வண்ணம் ஊற்றி, அந்த வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, Histogram காட்டும் பிக்சல் எண்ணிக்கையை 96-ஆல் வகுத்தேன். 1250-ஐக்கூடத் தொடவில்லை. காரணம் கோட்டின் தடிமன். வரைந்த கோடு 3 பிக்சல் பருமன், அச்சும் அதே. உண்மையான கோடு அந்தப் பருமனின் நடுவில் ஓடுகிறது. ஊற்றிய வண்ணமோ உள்விளிம்போடு நின்றுவிடுகிறது. இரண்டு ஓரத்திலும் ஒன்றரைப் பிக்சல் போனால் இந்தப் படத்தில் ஏறத்தாழ 24 மீட்டர் காணாமல் போகும். வண்ணம் ஊற்றாமல், கோட்டின் நடுவைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்துச் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுத்தபோதுதான் 1265-க்குப் பக்கத்தில் வந்தது. அதற்குப் பேனாவே தேவலை. கரடுமுரடாக ஏறி இறங்கும் கோடு என்றால் மட்டும் இந்தப் பாடு தகும்.

பிறகு அவள் கேள்வியை முழுசாக அனுப்பினாள். பிரேக் போட்டதிலிருந்து v = 20 − t²/20 என்று மேலேயே இருந்திருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டிருக்கிறது. தொகையிட்டால் வளைவுக்கு 266.7, மொத்தம் 1266 மீட்டர் சொச்சம்.

வெட்டுப்பட்டது மேல்பக்கம் என்பதால் தப்பித்தோம். கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு, செங்குத்து அச்சு 0-க்குப் பதில் 5-ல் தொடங்கியிருந்தால், தெரிகிற பரப்பில் ஏறத்தாழ 380 மீட்டர் குறைந்திருக்கும். மூன்று முறையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஒரே தப்பான விடையைத் தந்திருக்கும். அதனால் எந்த முறையானாலும் முதலில் மூலையில் உள்ள எண்ணைப் பார்க்கச் சொன்னேன். "அப்புறம் அது கி.மீ./மணியா மீ/வியான்னும் பாரு" என்றேன். "அதெல்லாம் தெரியும் மாமா" என்று பதில் வந்தது.