அரைவட்டக் கம்பியும் அரைவட்ட அடரும்: திணிவு மையம் ஏன் ஒரே இடத்தில் இல்லை?

"ரெண்டும் ஒரே அரைவட்டம்தானே சேர், பிறகேன் ரெண்டு விடை?" யாழ்ப்பாணத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்கிற எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கேட்கிற பிள்ளை விடைகளைப் பாடமாக்கியிருக்கும். விட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து கம்பிக்கு 2r/π, அடருக்கு 4r/3π. எது எதற்கு என்பதுதான் பரீட்சை மண்டபத்தில் மாறிப்போகும்.

ஆரை 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் திணிவு மையம் 9.55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அடரினது 6.37 செ.மீ. உயரத்தில். மூன்று செ.மீ.க்கு மேல் வித்தியாசம். கம்பியில் அந்தப் புள்ளி வெறும் காற்றில் நிற்கிறது, அங்கே கம்பியே இல்லை.

காரணத்தை ஓலை விசிறியில் காட்டுவது எனக்குப் பிடிக்கும். அளவாகக் கத்தரித்த பனையோலை விசிறியில் மடிப்புகள் எல்லாம் காம்படியிலிருந்து விரிகின்றன. ஒவ்வொரு மடிப்பும் அடியில் ஒடுங்கி நுனியில் அகன்ற மெல்லிய முக்கோணி. முக்கோணியின் திணிவு மையம் உச்சியிலிருந்து இடையத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மடிப்பின் திணிவையும் மையத்திலிருந்து 2r/3 தூரத்தில் குவித்துவிடலாம். எல்லா மடிப்புகளுக்கும் அப்படிச் செய்தால் கிடைப்பது என்ன? 2r/3 ஆரையுள்ள அரைவட்டக் கம்பி! 15 செ.மீ. அடரும் 10 செ.மீ. கம்பியும் திணிவு மையத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். 2 × 10/π போட்டால் அதே 6.37 வந்து நிற்கும். கம்பியில் திணிவு முழுவதும் விளிம்பிலேயே இருக்கிறது. அடரிலோ அதில் ஒரு பங்கு உள்ளே, விட்டத்துக்குக் கிட்ட இருந்து மையத்தைக் கீழே இழுக்கிறது.

பிள்ளைகள் பிழைவிடுவதும் சரியாக இந்த இடத்தில்தான். அடரைச் சிறு ஆரைச்சிறைகளாகப் பிரித்து, பரப்பளவை ½r²dθ என்று ஒழுங்காக எழுதிவிட்டு, உயரத்துக்கு r sin θ போட்டுவிடுவார்கள். அது விளிம்பின் உயரம். ஆரைச்சிறையின் திணிவு மையம் இருப்பது ⅔r sin θ உயரத்தில். 0 முதல் π வரை தொகையிட்டால் வரவேண்டியது ⅔r³, அதை ½πr² ஆல் வகுத்தால் 4r/3π. ⅔ ஐ விட்டவருக்கு r³ வரும், வகுத்தால் 2r/π. அடருக்குக் கம்பியின் விடை! தொகையிடலில் ஒரு பிழையும் இல்லாததால் திரும்பப் பார்த்தாலும் பிடிபடாது. 2r/π வந்தால் உயரத்துக்கு என்ன போட்டோம் என்று பாருங்கள்.

கையால் சோதிக்க விரும்பினால், கம்பியையும் மட்டையில் வெட்டிய அரைவட்டத்தையும் விட்டத்தின் ஒரு முனையில் சுயாதீனமாகத் தொங்கவிடுங்கள். அதே முனையிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், நூல் திணிவு மையத்துக்கு நேராகப் போகும். நூல் வளைந்த விளிம்பைக் கடக்கும் இடத்தைக் குறித்து, மற்ற முனையிலிருந்து அதற்கு நேர்கோட்டுத் தூரத்தை அளக்க வேண்டும். கம்பிக்கு ஏறத்தாழ 16.1 செ.மீ., மட்டைக்கு 11.7 செ.மீ. வரவேண்டும். பாகைமானியே தேவையில்லை.

கம்பியைக் கொளுவ முனையில் சிறு வளையம் வளைத்தால் விடை கெடாதா? பெரிதாகக் கெடாது. தொங்கும் புள்ளியிலேயே இருக்கிற திணிவுக்கு அந்தப் புள்ளி பற்றித் திருப்பம் இல்லை. மற்ற முனையில் மிச்சக் கம்பியை மடித்துவிட்டால்தான் கெடும். கம்பி விரிந்து அரைவட்டம் தளர்வதும் தொல்லைதான், தொங்கும்போது விட்டம் 30 செ.மீ. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, "கம்பி என்றால் மையம் மேலே, அடர் என்றால் கீழே" என்று ஒருவர் மனதில் போட்டுக்கொண்டால் அதுவும் ஆபத்து. கேள்வியில் "அரைவட்ட வில்" என்று இருக்கிறதா, விட்டத்தோடு சேர்த்து மூடிய "சட்டப்படல்" என்று இருக்கிறதா? மூடியதென்றால் விட்டத்துக் கம்பியும் 2r நீளத் திணிவைத் தரும், உயரத்துக்கு ஒன்றும் தராது. வில்லின் நீளம் πr, அதன் மையம் 2r/π உயரத்தில். திருப்பம் 2r², மொத்த நீளம் (π + 2)r, ஆகவே மையம் 2r/(π + 2). நம்முடைய 15 செ.மீ. க்கு 5.83 செ.மீ. அடரின் 6.37 ஐ விடவும் கீழே! அதைத் தொங்கவிட்டால் நூல் கடக்கும் இடம் மற்ற முனையிலிருந்து 10.9 செ.மீ.