கேமரா வைத்துத் தரம் பார்க்கும் மெஷின் வாங்கப்போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கப்பலூரில் எங்களுக்குச் சின்ன யூனிட். தண்ணீர் பாட்டில் மூடி அடிக்கிறோம். விளிம்பில் மயிரிழைக் கீறல் விழுந்த மூடியைக் கேமராவே பிடித்துத் தள்ளிவிடும் என்று ஒரு நிறுவனம் செட்டப் விற்றது. ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தோம். இரண்டாவது மாதமே வாடிக்கையாளர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர்கள் இடத்தில் டெமோ பார்த்தபோது ஒன்றும் தப்பவில்லை. அங்கே பெல்ட் நிமிடத்துக்கு 5 மீட்டர்தான் ஓடியது, பக்கத்தில் கண் கூசுகிற விளக்கு. எங்கள் பெல்ட் ஓடுவது 30 மீட்டர், அதாவது நொடிக்கு 500 மில்லிமீட்டர். ஷெட்டில் பழைய டியூப்லைட். வெளிச்சம் போதாததால் கேமரா தானாகவே ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் மூடி 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கீறலோ அரை மில்லிமீட்டர்கூட இல்லை. வீடியோவை நிறுத்திப் பார்த்தால் விளிம்பு, ஈரத் தாளில் மை ஊறினது மாதிரி இழுபட்டுக் கிடந்தது.

இதில் ஒரு விஷயம் எங்களை ரொம்ப நாள் ஏமாற்றியது. பெல்ட் போகிற திசையிலேயே நீளமாக விழுந்த கீறல் தெரியும், குறுக்கே விழுந்தது அழிந்துவிடும். சிலது மாட்டியதால் மெஷின் வேலை செய்கிறது என்றே நம்பினோம்.

கேட்டதற்கு, "அண்ணே, ரிப்போர்ட்ல 99.3 சதவீதம் சரின்னு இருக்கே" என்றார் செட்டப் விற்ற நிறுவனத்துத் தம்பி. ஆயிரம் மூடியில் கெட்டது 10. அதில் 7 தப்பிவிட்டது, மீதி 993 சரி. கணக்கு அதுதான். பிடிக்க வேண்டிய பத்தில் மூன்றைத்தான் பிடித்திருக்கிறது!

பிறகு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். படம் இருண்டது. படத்தை வெளிச்சமாக்க கேமராவில் கெயினை ஏற்றினார்கள், புள்ளி புள்ளியாக வந்தது. டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிவதால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு. நல்ல மூடியெல்லாம் கழிவுக் கூடைக்குப் போனது. பணத்தைக் கேட்டால், "பெல்ட் வேகம் ஆர்டரில் எழுதலையே" என்கிறார்கள்.

கடைசியில் வேறு ஆளை வைத்துச் சரிசெய்தோம். வெளி வெளிச்சம் புகாதபடி கேமராவைச் சுற்றி ஒரு கூண்டு. மூடி வந்ததும் சென்சார் சொல்ல, உள்ளே எல்இடி நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் பளிச்சிடும். அதற்குள் நகர்வது 0.1 மில்லிமீட்டர்தான்.

வாங்குகிறவர்கள் உங்கள் பெல்ட் வேகத்தையும் பிடிக்க வேண்டிய கீறலின் அளவையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கெட்ட மூடி ஐம்பதுக்கு உள்பக்கம் மார்க்கரில் புள்ளி வைத்து நல்லதோடு கலந்து, உங்கள் ஷெட்டில், முழு வேகத்தில், பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ஓட்டுங்கள். கூடையில் புள்ளி வைத்தது எத்தனை விழுந்தது என்று நீங்களே எண்ணிவிட்டு, மீதிப் பணத்தைக் கொடுங்கள்.