ஒரே சராசரி, இரு வேறு பாடங்கள்: லேபிள் ஸ்மூத்திங்கும் மிக்ஸ்அப்பும்

கையால் எழுதிய இலக்கங்களை 0 முதல் 9 வரை பிரித்தறியும் ஒரு நரம்பியல் வலைப்பின்னலை எடுத்துக்கொள்வோம். 3 என்று எழுதிய படத்தைக் காட்டும்போது வழக்கமான பயிற்சி தரும் இலக்கு எளிது: 3 என்ற வகைக்கு 1, மற்ற ஒன்பதுக்கும் 0. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கணிப்பு இலக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கிராஸ் என்ட்ரோபி இழப்பில், ஒவ்வொரு வகைக்கும் வலைப்பின்னல் தரும் மூல மதிப்பெண்ணான லாஜிட்டுக்கு வந்துசேரும் கிரேடியன்ட் `p − t`, அதாவது கணிப்பிலிருந்து இலக்கைக் கழித்தது. அந்த மதிப்பெண்களை நிகழ்தகவுகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் எவ்வளவு முயன்றாலும் 1 ஐச் சரியாகத் தொடாது. ஆகவே 0.999 ஐ எட்டிய பிறகும் இழப்பு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எடைகள் பெருத்துக்கொண்டே போகும். பயிற்சிப் படங்களில் பெற்ற அந்த இறுமாப்பைப் புதிய படங்களில் தவறும்போதும் வலைப்பின்னல் விடுவதில்லை.

இதற்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்படும் இரண்டு உத்திகளும் இலக்கையே மாற்றுகின்றன. லேபிள் ஸ்மூத்திங்கை 2015 இறுதியில் செகெடியும் உடன் ஆய்வாளர்களும் இன்செப்ஷன் வலைப்பின்னலுக்காக முன்வைத்தார்கள். மிக்ஸ்அப் 2017இல் ஜாங், சிசே, டாஃபின், லோபஸ்-பாஸ் நால்வரின் கட்டுரையில் வந்தது. பலர் இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கருதி, எது கூடுதல் துல்லியம் தருகிறது என்று மட்டும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். இலக்குகளின் எண்களைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த ஒப்பீடு எவ்வளவு மேலோட்டமானது என்று புரிந்தது.

ஸ்மூத்திங் செய்வது இவ்வளவுதான்: சரியான வகையிடமிருந்து ε அளவு நிகழ்தகவை எடுத்து எல்லா வகைகளுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. ε = 0.1, வகைகள் பத்து என்றால் 3க்கு 0.91, மற்றவை ஒவ்வொன்றுக்கும் 0.01. இப்போது லாஜிட்டுகளுக்கு ஓர் எல்லை பிறக்கிறது. சரியான வகையின் லாஜிட் மற்றவற்றைவிட ln 91, அதாவது சுமார் 4.5 உயரத்தில் நிற்கும்போது கிரேடியன்ட் பூச்சியமாகிறது. அதைத் தாண்டினால் இழப்பு பின்னுக்கு இழுக்கும்.

மிக்ஸ்அப்பின் வழி வேறு. இரண்டு படங்களை λ, 1 − λ என்ற விகிதத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து, இலக்குகளையும் அதே விகிதத்தில் கலக்கிறது. λ ஒவ்வொரு முறையும் பீட்டா பரவலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் இரண்டு அளவுருக்களும் α தான். நிரலில் இது சில வரிகளே:

```python
lam = np.random.beta(alpha, alpha)
idx = torch.randperm(x.size(0))
out = model(lam * x + (1 - lam) * x[idx])
loss = lam * F.cross_entropy(out, y) \
     + (1 - lam) * F.cross_entropy(out, y[idx])
```

இப்போது α = 0.2 என்று வைத்துக் கணக்கிடுவோம். கலவையில் பெரிய பங்கு வகிக்கும் படத்தை முதன்மைப் படம் என்போம். அதன் சராசரிப் பங்கு சுமார் 0.90. மீதி 0.10 ஏதோ ஒரு துணைப் படத்துக்குப் போகிறது. துணை தற்செயலாகத் தேர்வாவதால், பத்து வகைகளும் சம எண்ணிக்கையில் இருந்தால் அந்த 0.10 சராசரியில் பத்துக்கும் சமமாகப் பிரியும். ஆக, 3 முதன்மைப் படமாக இருக்கும் கலவைகளில் இலக்கின் சராசரி என்ன? 3க்கு 0.91, மற்றவற்றுக்கு 0.01. ஸ்மூத்திங் தந்த அதே எண்கள்! வழக்கமாகப் பயன்படுத்தும் இரண்டு அமைப்புகள் இப்படி ஒரே சராசரியில் வந்து நிற்பதை முதலில் கண்டபோது கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன்.

சராசரி ஒன்றாக இருந்தாலும் பரவல் வேறு. α = 0.2 இல் ஏறத்தாழ பத்துக்கு ஆறு முறை முதன்மைப் படத்தின் பங்கு 0.95ஐத் தாண்டுகிறது, கலப்பு கண்ணுக்கே தெரியாது, இலக்கும் கிட்டத்தட்ட 1. ஏழில் ஒரு முறை போலத்தான் இரண்டு படங்களும் 0.3க்கும் 0.7க்கும் இடையே உண்மையாகவே கலக்கின்றன. ஸ்மூத்திங் ஒவ்வொரு படத்திடமும் ஒரே குரலில் “0.91 போதும்” என்கிறது. மிக்ஸ்அப் பெரும்பாலும் “உறுதியாகச் சொல்” என்கிறது, எப்போதாவது “பாதிப் பாதி” என்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு ஏதாவது பயன் உண்டா? கிராஸ் என்ட்ரோபி இலக்கைப் பொறுத்தவரை நேரியல் சார்பு. அதாவது ஒரே படத்தோடு இன்று 1.0 என்றும் நாளை 0.82 என்றும் இலக்கு கொடுத்தால், வலைப்பின்னலுக்குச் சராசரியான 0.91 மட்டுமே போய்ச் சேரும். படங்களைக் கலக்காமல் இலக்குகளை மட்டும் கலந்தால் மிக்ஸ்அப் சராசரியில் ஸ்மூத்திங்காகவே மாறிவிடும். மிஞ்சுவது கொஞ்சம் இரைச்சல். ஆகவே மிக்ஸ்அப்பிடம் தனியாக ஏதாவது சரக்கு இருக்கிறதென்றால், அது கலப்பு படத்திலும் தெரிகிறது என்பதிலிருந்துதான் வர வேண்டும். மங்கலான இரண்டாவது இலக்கம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறதோ அவ்வளவு நம்பிக்கையை விட்டுக்கொடு என்று அது கற்பிக்கிறது. ஐயத்துக்குக் காரணம் உள்ளீட்டிலேயே இருக்கிறது. ஸ்மூத்திங்கின் ஐயத்துக்குக் காரணமே கிடையாது; அது எல்லோருக்கும் பொதுவாக விதித்த வரி.

இதை இழப்பின் அடித்தளத்தில் நேரடியாகப் பார்க்கலாம். மிகச் சிறந்த வலைப்பின்னலாலும் இலக்கில் உள்ள ஐயத்தின் அளவான என்ட்ரோபிக்குக் கீழே இழப்பைக் கொண்டுபோக முடியாது. மேலே சொன்ன ஸ்மூத்திங்கில் அந்த அடித்தளம் 0.50. மிக்ஸ்அப்பில், கலப்பு விகிதத்தையும் வகைகளையும் படத்திலிருந்து முழுமையாக ஊகிக்க முடிந்தால், அது சுமார் 0.20 தான். சராசரி இலக்கு ஒன்றே, அடித்தளத்தில் 0.30 இடைவெளி. படத்தைப் பார்த்தே அறியக்கூடிய பகுதி அந்த இடைவெளிதான்.

இதன் விளைவு வலைப்பின்னலின் உள்ளேயும் தெரியும். ஸ்மூத்திங் 3இன் படம் ஒவ்வொன்றையும் மற்ற ஒன்பது வகைகளிலிருந்தும் சம தூரத்தில் நிற்கச் சொல்கிறது. ஆனால் ஒரு 3 கொஞ்சம் வளைந்து மூடி 8 போல இருக்கும். இன்னொன்று 5 போல இருக்கும். அந்த நுண்தகவலைத் துடைத்தெடுப்பதற்குத்தான் இலக்கு பரிசளிக்கிறது. முல்லர், கோர்ன்பிளித், ஹின்டன் மூவரும் 2019இல் இதைப் படமாகவே வரைந்து காட்டினார்கள்: கடைசிக்கு முந்தைய அடுக்கில் ஒவ்வொரு வகையும் இறுகிய கொத்தாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிப் பயின்ற பெரிய வலைப்பின்னலை ஆசிரியராக வைத்து, அதன் கணிப்புகளையே இலக்காகக் கொண்டு சிறியதொன்றைப் பயிற்றும் டிஸ்டிலேஷனைச் செய்தால், மாணவர் தேறுவதில்லை என்பதும் அவர்கள் கண்டதே. ஆசிரியரின் துல்லியம் உயர்ந்திருந்தும் நிலைமை இதுதான். டிஸ்டிலேஷன் திட்டம் இருந்தால் ஆசிரியருக்கு ஸ்மூத்திங் வேண்டாம் என்பது என் கட்சி.

வகைகள் சமமாக இல்லாதபோது சராசரியே பிரிந்துவிடுகிறது. இரண்டே வகைகள், 90க்கு 10 என்ற விகிதம் என்று கொள்வோம். ஸ்மூத்திங் இரண்டுக்கும் 0.95, 0.05 என்று கொடுக்கும். பயிற்சித் தரவு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அரிய வகைக்கு இலக்குகள் தரும் மொத்தப் பங்கு 0.1 × 0.95 + 0.9 × 0.05 = 0.14. உண்மையில் 10 சதவீதம் இருப்பதை 14 சதவீதம் என்று வலைப்பின்னல் கற்கிறது. மிக்ஸ்அப்பில் துணைப் படம் தரவிலிருந்தே வருவதால் மொத்தப் பங்கு 0.10 ஆகவே நிற்கும். ஆனால் சுமை சமமாக இறங்குவதில்லை: அரிய வகையின் சராசரி இலக்கு 0.91, பெரும்பான்மை வகையின் இலக்கு 0.99. நிகழ்தகவை அப்படியே பயன்படுத்தும் வேலை என்றால் முதல் பிழை உறுத்தும். அரிய வகையைத் தவறவிடாமல் பிடிக்கும் வேலை என்றால் இரண்டாவது.

மிக்ஸ்அப்பை இதுவரை கொஞ்சம் தூக்கிப் பேசிவிட்டேன். அதன் குறைகளும் சின்னவை அல்ல. 3ஐயும் 6ஐயும் பாதிப் பாதியாக ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கிடைப்பது 8 போலவே இருக்கலாம். இலக்கோ “3 பாதி, 6 பாதி, 8 பூச்சியம்” என்கிறது. கலவை வேறொரு வகையின் எல்லைக்குள் அத்துமீறி நுழைவதால் வரும் இந்தப் பிழை இலக்கிலேயே இருக்கிறது; கூடுதல் பயிற்சியால் தீராது. 8இல் மட்டும் துல்லியம் சரிந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். α ஐ உயர்த்த உயர்த்தத் தொல்லை கூடும். α = 1 என்றால் முதன்மைப் பங்கின் சராசரி 0.75க்கு இறங்கிவிடும். கலக்காத படத்தை வலைப்பின்னல் அரிதாகவே பார்க்கும். சோதனையில் தெளிவான படம் வரும்போது தயங்கும்.

உரையில் மிக்ஸ்அப்புக்கு இன்னொரு தடை: சொற்களைப் படப்புள்ளிகளைப்போல 0.7 பங்கு ஒன்று, 0.3 பங்கு இன்னொன்று என்று கலக்க முடியாது. சொற்களைக் குறிக்கும் எண்வரிசையான எம்பெடிங் மட்டத்தில் கலக்கலாம், ஆனால் அங்கே ஐயத்துக்கான காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கெல்லாம் ஸ்மூத்திங்தான் எளிதாகக் கைகொடுக்கிறது. 2017இன் டிரான்ஸ்ஃபார்மர் மொழிபெயர்ப்புக்கு ε = 0.1 தான் வைத்தது. அடுத்த சொல்லைக் கணிப்பதில் உள்ள தடுமாற்றத்தை அளக்கும் பெர்பிளெக்ஸிட்டி கெட்டது, மொழிபெயர்ப்பின் தரத்தை அளக்கும் பிஎல்இயூ மதிப்பெண் உயர்ந்தது.

எதைத் தேர்ந்தாலும் பயிற்சித் திரையை நம்பி ஏமாறக் கூடாது. மிக்ஸ்அப்பில் பயிற்சித் துல்லியம் சோதனைத் துல்லியத்தைவிடக் குறைவாகத் தெரிவது இயல்பு. ஒருமுறை இதை வலைப்பின்னலின் திறக்குறைவு என்று நினைத்து இரண்டு நாள் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்மூத்திங்கில் பொறி வேறிடத்தில் இருக்கிறது: பயிற்சிக்கு வைத்த `nn.CrossEntropyLoss(label_smoothing=0.1)` ஐயே சோதனைத் தரவுக்கும் பயன்படுத்திவிடுவது. பத்து வகைகளில் சோதனை இழப்பு 0.5க்குக் கீழே போகவே மறுத்தால் அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க, சோதனைப் படங்களின் உச்ச நிகழ்தகவுகளை ஹிஸ்டோகிராமாக வரையுங்கள். துல்லியம் 97 சதவீதம், உச்ச நிகழ்தகவின் சராசரி 0.90 என்றால் வலைப்பின்னல் தன்னைக் குறைத்துச் சொல்கிறது. 0.91இல் ஒரே தூணாகக் குவிந்திருந்தால் அது ஸ்மூத்திங்கின் கைவரிசை. எளிய 3க்கும் கிறுக்கிய 3க்கும் வித்தியாசம் போய்விட்டது. லாஜிட்டுகளை வகுக்கும் எண்ணான சாஃப்ட்மேக்ஸின் வெப்பநிலையை 1க்குக் கீழே இறக்கினால் தூண் வலப்பக்கம் நகரும். ஆனால் இரண்டு 3களும் சேர்ந்தே நகரும். போன வித்தியாசம் திரும்பாது.

இரண்டையும் சேர்த்தே போடும் சமையல் குறிப்புகளும் உண்டு. அப்போது மருந்தின் அளவு கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது: α = 0.2, ε = 0.1 இரண்டும் சேர்ந்தால் 3இன் சராசரி இலக்கு 0.91இலிருந்து 0.829க்கு இறங்கும். படங்களுக்கு, நீண்ட பயிற்சிக்கு நேரம் இருந்தால், நான் மிக்ஸ்அப்பை மட்டும் α = 0.2இல் வைத்துத் தொடங்குகிறேன். மேலே சொன்ன ஹிஸ்டோகிராம் இன்னும் 1.0இல் தவறான கணிப்புகளோடு முட்டிக்கொண்டு நின்றால்தான் ε ஐ 0.05இலிருந்து ஏற்றிப் பார்க்கிறேன்.